பீடி நின்றால் மாத்திரை ஏறும்: மனநல வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலூர்ப் பக்கத்து மனநல வார்டு ஒன்றில் பொறுப்பு நர்ஸாக இருக்கிறேன். வார்டுக்குள் பீடி, சிகரெட் கூடாது என்பது பழைய விதி. நோயாளி உள்ளே வந்ததும் சட்டைப்பையில் இருக்கும் பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் வாங்கிப் பெயர் எழுதி வைத்துவிடுவோம். அத்தோடு எங்கள் வேலை முடிந்தது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். புகையை நிறுத்தியதால் ஒருவருக்கு என் கண்ணெதிரே ஃபிட்ஸ் வந்த பிறகுதான், பீடியைப் பிடுங்கி வைப்பதும் ஒரு மருந்தை மாற்றுவதும் ஒன்றே என்று புரிந்தது.

அவர் குடியாத்தம் பக்கம். வயது 44. மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் 450 மி.கி. எடுத்து வந்தார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி, அதாவது இருபத்தைந்து. வீட்டில் மனைவி பீடி சுற்றுகிறவர், அதனால் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கும். ஒரு திங்கட்கிழமை சேர்ந்தார், பீடி நின்றது. வியாழக்கிழமை காலையில் தலையணை எச்சிலில் நனைந்திருந்தது. சனிக்கிழமை நடையில் தள்ளாட்டம், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. மனைவி சொன்னார்: “எந்நேரமும் தூங்கிகினே இருக்கறாரு சிஸ்டர், சோறு வாயில வச்சிகினே தூங்கறாரு.” மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நான்தான் அவருக்குப் பதில் சொன்னேன். ஞாயிறு மாலை கை திடீரென வெட்டி, டீ டம்ளர் கீழே விழுந்தது. செவ்வாய் விடியற்காலையில் ஃபிட்ஸ். அன்று எடுத்த ரத்தத்தில் குளோசபின் அளவு மில்லிலிட்டருக்கு 980 நானோகிராம் என்று சில நாள் கழித்து முடிவு வந்தது. பொதுவாக 350-க்கு மேல் இருந்தால் மருந்து வேலை செய்யும், 600-ஐத் தாண்டினால் ஃபிட்ஸ் பயம் தொடங்கும்.

ஒரு மாத்திரைகூடக் கூட்டவில்லை. பீடி நின்றது, அவ்வளவுதான்.

இதில் நான் பட்டதை நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். புதிதாக வரும் நர்ஸ்கள், பயிற்சி மருத்துவர்கள், துணைக்கு இருக்கும் குடும்பத்தார் எல்லோருக்கும் பொருந்தும். மாத்திரை அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது வார்டில் இருக்கும் நம் வேலை.

1. சேர்க்கும் அன்றே கேட்க வேண்டியவை

கேஸ் ஷீட்டில் “புகைப்பழக்கம்: உண்டு” என்று ஒரு வார்த்தை எழுதினால் எதற்கும் உதவாது. நாலு கேள்வி கேளுங்கள், பத்து நிமிடம் போதும்.

என்ன பிடிக்கிறார்? பீடியா, சிகரெட்டா, ஹான்ஸ் மாதிரி உதட்டுக்குள் வைக்கும் புகையிலையா, வெற்றிலையோடு போடுவதா? “புகையிலை உண்டா” என்று பொதுவாகக் கேட்டால் ஹான்ஸ் வைப்பவர் இல்லை என்பார். பெண்களிடம் இதைக் கேட்கவே நமக்கு வாய் வருவதில்லை. வெற்றிலையிலிருந்து ஆரம்பித்தால் அவர்களே சொல்வார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை? நோயாளி சொல்லும் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். மனைவியிடமோ அண்ணனிடமோ “கட்டு எத்தனை நாளைக்கு வரும்” என்று கேளுங்கள். எண்ணிக்கையைவிட அது சரியாக வரும்.

காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி? அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. நிகோடின் ஈடு கட்டாயம் தேவைப்படும்.

நாலாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. இப்போது எடுக்கும் மாத்திரை அளவை மருத்துவர் முடிவு செய்தபோது இவர் புகைத்துக்கொண்டிருந்தாரா? இதற்குப் பழைய சீட்டுகள் வேண்டும். போன முறை டிஸ்சார்ஜ் சம்மரி, வெளியே வாங்கிய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, குளோசபின் எடுப்பவர் என்றால் ரத்த வெள்ளணு எண்ணிக்கைப் புத்தகம். குடும்பத்தார் இவற்றை வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வருவார்கள். மறுநாள் பஸ்ஸில் யாராவது கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாம் நாளுக்குள் கையில் இருக்க வேண்டும். காரணம் அடுத்த படியில்.

2. மாத்திரைப் பட்டியலில் எதைத் தேடுவது

புகையிலை எரியும்போது வரும் புகையில் உள்ள கரிப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அதன் பெயர் சிஒய்பி 1ஏ2. குளோசபினையும் ஓலன்சபினையும் கரைத்து வெளியேற்றுவதில் பெரிய பங்கு இந்த நொதிக்குத்தான். புகைப்பவருக்கு நொதி வேகமாக ஓடுகிறது, மருந்து சீக்கிரம் கரைகிறது, அதனால் மருத்துவர் அதிக அளவு கொடுத்துச் சரிசெய்திருப்பார். பீடி நின்றதும் நொதி இரண்டு மூன்று நாளில் தளர ஆரம்பித்து ஒரு வாரத்தில் சாதாரண நிலைக்கு வந்துவிடும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். திங்கட்கிழமை சேர்ந்தவருக்கு வியாழக்கிழமை எச்சில் ஒழுகியது இந்தக் கணக்கில்தான்.

ஆகவே பட்டியலில் முதலில் தேட வேண்டியவை குளோசபின், ஓலன்சபின் இரண்டும். ஹாலோபெரிடால், ஃப்ளூஃபெனசின் போன்ற பழைய மருந்துகளிலும் ஓரளவு மாற்றம் இருக்கும், மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, அரிபிப்ரசோல் எடுப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. நொதியை முடுக்குவது புகை, நிகோடின் அல்ல. இதிலிருந்து மூன்று விஷயம் கிளம்புகிறது. நிகோடின் சூயிங்கம் கொடுத்துவிட்டோம், அதனால் ரத்தத்தில் மருந்து அளவு ஏறாது என்று நினைத்தால் தவறு, ஏறும். பீடியை விட்டுவிட்டு யாரோ ஜன்னல் வழியாகக் கொடுத்த ஹான்ஸை உதட்டில் வைத்துக்கொண்டிருப்பவருக்கும் ஏறும், ஏனென்றால் ஹான்ஸில் புகை இல்லை. வெறும் ஹான்ஸ் மட்டும் போடுபவர் அதை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து அளவு மாறாது, ஆனால் நிகோடின் ஏக்கத்தில் தவிப்பார்.

இன்னொன்று. நொதியை முழுமையாக முடுக்கிவிட நாளைக்குப் பத்து சிகரெட் அளவே போதும். இருபத்தைந்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தவருக்கு மாத்திரைக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஆபத்து இருப்பது பத்திலிருந்து பூஜ்யத்துக்கு வரும் அந்தக் கடைசித் துண்டில். வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பாதியாகக் குறைத்து ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியமாக இருப்பார்கள், முழுதாக விட்ட வாரத்தில் தள்ளாடுவார்கள்.

3. முதல் பத்து நாள்

குளோசபின் எடுப்பவர் என்றால் சேர்ந்த அன்றே, நொதி தளர்வதற்குள், ஒரு ரத்த அளவு எடுத்து வைப்பது நல்லது. இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். காலை மாத்திரை கொடுத்த பிறகு எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து வரும். அப்படி ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, அந்தக் காசை நானே என் கையிலிருந்து கட்டலாமா என்று யோசித்தேன். இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செய்வதில்லை, மாதிரியை வெளியே அனுப்ப வேண்டிவரும், முடிவு வரச் சில நாள் ஆகும், செலவும் ஆயிரக்கணக்கில். குடும்பத்தாரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், கண்ணால் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வது, பீடி நின்ற முதல் வாரத்தில் குளோசபினைப் படிப்படியாகக் கால்வாசி குறைப்பது. 450 என்றால் நாளைக்கு 25 மி.கி. வீதம் இறக்கி நாலு நாளில் 350-க்குக் கொண்டுவருவார்கள், அல்லது இன்னும் கொஞ்சம் கீழே. ஓலன்சபின் 20 என்றால் 15. ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்த அளவு. கால்வாசி என்பது ஆரம்பக் கணக்குதான். குடியாத்தத்துக்காரருக்கு அது போதவே இல்லை. ஃபிட்ஸ் வந்த அன்று ஒரு வேளை மாத்திரையை நிறுத்தி, மறுநாளிலிருந்து 250-ல் தொடர்ந்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது ரத்த அளவு 540. கிட்டத்தட்டப் பாதி மாத்திரையில், பழைய பலன்.

இதில் ஒரு எச்சரிக்கை. பயந்துபோய் குளோசபினை இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்துவிடக் கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்து ஏணி ஏற வேண்டும். பழைய அளவை ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

நாம் தினமும் பார்க்க வேண்டியதை ஒரு தாளில் கோடு போட்டு, கட்டிலோடு மாட்டிவிட்டேன். தலையணை ஈரமா? காலையில் எழுப்ப எவ்வளவு நேரம் ஆகிறது? படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தம், நாடி. கை கால் திடீரென வெட்டுகிறதா? மலம் போனாரா? கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் தினமும் கேளுங்கள். குளோசபின் ஏறினால் மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்துப்போகும், உயிருக்கே ஆபத்து. இந்த ஐந்தில் இரண்டு சேர்ந்து மோசமானால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் டியூட்டி மருத்துவரைக் கூப்பிடுங்கள். கை வெட்டினால் அது ஒன்றே போதும். டம்ளர் விழுந்த அன்றே நான் கூப்பிட்டிருந்தால் ஃபிட்ஸ் வந்திருக்காது.

இடையில் காய்ச்சல் வந்தால் இரட்டைக் கவலை. உடம்பில் அழற்சி இருந்தாலே குளோசபின் அளவு ஏறும். குளோசபின் சிலருக்கு ரத்த வெள்ளணுவைக் குறைத்துவிடும், அதனால் வந்த காய்ச்சலா என்றும் அன்றே பார்க்க வேண்டும்.

டீயையும் கணக்கில் சேருங்கள். காபி, டீயில் உள்ள காஃபினையும் கரைப்பது அதே நொதிதான். பீடி நின்றவருக்கு அதே ஆறு டீ பன்னிரண்டு டீயின் வேலையைச் செய்யும். கை நடுங்கும், தூக்கம் வராது, குளோசபினும் கொஞ்சம் கூடும். எங்கள் வார்டில் பீடி நின்ற முதல் வாரம் டீயைப் பாதியாக்கி, மாலை நாலு மணிக்கு மேல் மோர் கொடுக்கிறோம். முதலில் முணுமுணுத்தார்கள். சித்திரை வெயிலில் மோரை யார்தான் வேண்டாம் என்பார்கள்.

4. தவிப்பை நோய் என்று நினைக்காதீர்கள்

கடைசிப் பீடிக்குச் சில மணி நேரத்திலேயே ஏக்கம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். எரிச்சல், உட்கார முடியாமை, தூக்கமின்மை, பசி, கதவருகே போய்ப் போய் நிற்பது. இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும்.

மனநல வார்டில் இது எப்படிப் போகும் தெரியுமா? இரண்டாம் நாள் இரவு நோயாளி கத்துகிறார். நோய் கூடிவிட்டது என்று நாம் எழுதுகிறோம். இரவு மருத்துவர் மாத்திரையைக் கூட்டுகிறார், ஊசியும் போடுகிறார். எந்த வாரத்தில் குளோசபின் தானாக ஏறிக்கொண்டிருக்கிறதோ, எந்த வாரத்தில் குறைக்க வேண்டுமோ, அதே வாரத்தில் கூட்டிவிடுகிறோம். எங்கள் வார்டின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினபோது இந்தக் கோலத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சேர்ந்த மூன்றாம் நாள் அளவு கூடியிருக்கும், பத்தாம் நாள் “அதிகத் தூக்கம்” என்று குறிப்பு இருக்கும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி நேரம். கேஸ் ஷீட்டில் கடைசிப் பீடி எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்தால், தவிப்பு எப்போது தொடங்கியது என்று ஒப்பிடலாம். நிகோடின் சூயிங்கம் கொடுத்து அரை மணி நேரத்தில் ஓரளவு அடங்கினால் அது ஏக்கம். குரல் கேட்பதும் சந்தேகமும் சேர்ந்தே கூடினால் நோய் பக்கம் பாருங்கள். ஊசி போட்ட பிறகு கால் ஓரிடத்தில் நிற்காமல், உட்கார்ந்தால் எழுந்து, எழுந்தால் நடந்து, “காலு உள்ளுக்குள்ள பிசையுது” என்றால் அது மருந்தால் வரும் காலமைதியின்மை, அதற்கு வேறு வைத்தியம்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. குளித்தால் ஒரு பீடி, மாத்திரை போட்டால் ஒரு பீடி என்று பேரம் பேசுவது எங்கள் வார்டிலும் நடந்தது. வேலை சுலபமாகும்தான். ஆனால் மாத்திரைக் கணக்கு ஒரு நாள் ஒன்றாகவும் மறுநாள் வேறாகவும் ஆகிவிடும், மருத்துவருக்கு எதுவும் புரியாது. தவிர ஆஸ்பத்திரி வளாகத்தில் புகைப்பது சட்டப்படியே குற்றம், 200 ரூபாய் வரை அபராதம் உண்டு.

5. நிகோடின் ஈடு: எது, எவ்வளவு, எப்படி

பீடியைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு விடுவது கொடுமை. சேர்ந்த அன்று மாலைக்குள் ஏதாவது கையில் கொடுத்துவிட வேண்டும்.

சுலபமாகக் கிடைப்பது சூயிங்கம். 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு வகை. எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு மருத்துவர் 4 எழுதுவார், மற்றவருக்கு 2. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒன்று, பிறகு மூன்று வாரம் இடைவெளியை இரண்டு முதல் நாலு மணி நேரமாக்கலாம், கடைசி மூன்று வாரம் நாலு முதல் எட்டு மணி. 2 மி.கி. என்றால் நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது.

மெல்லுவதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் காசு வீண். சாதாரண சூயிங்கம் போலச் சவைத்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் வரும். நாலைந்து மெல்லு மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு. அரை மணி நேரம். ஹான்ஸ் வைத்துப் பழகியவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ஒதுக்குவதில் அவர்கள் நமக்கே பாடம் எடுப்பார்கள். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் வேண்டாம், வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உறிஞ்சாது. குளோசபினால் எச்சில் ஒழுகுபவர் அதை விழுங்கிக்கொண்டே இருப்பார், அவருக்குச் சூயிங்கம் ஒத்துவராது. பல் விழுந்தவருக்கும் அப்படியே.

இவர்களுக்கு ஒட்டும் பட்டை நல்லது. நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவருக்கு 21 மி.கி.யில் ஆறு வாரம், 14-ல் இரண்டு, 7-ல் இரண்டு என்று இறங்குவது வழக்கம். காலையில் முடியில்லாத மேல் கையிலோ தோளிலோ ஒட்டி, தினமும் இடம் மாற்ற வேண்டும். வேலூர் வெயிலில் வியர்வைக்குக் கழன்று விழும். குளித்துத் துடைத்து நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டி, பத்து நொடி உள்ளங்கையால் அழுத்துங்கள். கெட்ட கனவு வருகிறது என்றால் இரவில் எடுத்துவிடலாம். இது எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

செலவை மறைக்காதீர்கள். ஒரு சூயிங்கம் ஏறத்தாழப் பத்து ரூபாய். நாளைக்குப் பத்து மென்றால் நூறு. அது ஒரு பீடிக் கட்டின் விலையைவிடப் பல மடங்கு. பன்னிரண்டு வாரக் கணக்கைக் கேட்டால் குடும்பம் மிரண்டுவிடும். முதல் இரண்டு வாரக் கணக்கை மட்டும் முதலில் சொல்லி, இடைவெளி கூடக்கூடச் செலவு குறையும் என்று எழுதிக் காட்டினால் சம்மதிக்கிறார்கள்.

6. மாத்திரையால் நிறுத்துவது பற்றி

மனநோய் இருப்பவருக்கு வரெனிக்ளின் கொடுக்கக் கூடாது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். பழைய பயம். 2016-ல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். நிகோடின் பட்டையோடும் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடும் ஒப்பிட்டபோது மனநலப் பக்கவிளைவு குறிப்பிடும்படி கூடவில்லை, நிறுத்தியவர்கள் அதிகம் இருந்தது வரெனிக்ளினில்தான். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் நோய் கொதித்துக்கொண்டிருக்கும் வாரத்தில் தொடங்காமல், கொஞ்சம் அடங்கிய பிறகு மருத்துவர் எழுதுவார். முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, அடுத்த நாலு நாள் இரண்டு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். குமட்டல்தான் பெரிய தொல்லை. சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு கொடுங்கள். இது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. பல வருடம் லித்தியம் எடுத்தவர் என்றால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம், கிரியாட்டினின் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

புகையை நிறுத்தக் கொடுக்கும் இன்னொரு மாத்திரை பியூப்ரோபியான், அது ஃபிட்ஸ் வரவழைக்கக் கூடியது. குளோசபினும் அப்படித்தான். இரண்டையும் ஒரே சீட்டில் பார்த்தால் கொடுப்பதற்கு முன் ஒரு முறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இருதுருவ நோய் உள்ளவருக்கு மனம் துள்ளலுக்குப் போய்விடும் பயமும் உண்டு.

7. டிஸ்சார்ஜ்: பாதிப் பேர் விழுவது இங்கே

குடியாத்தத்துக்காரர் 250 மி.கி.யில் தெளிவாக வீட்டுக்குப் போனார். சம்மரியில் “குளோசபின் 250” என்று மட்டும் இருந்தது. பீடி பற்றி ஒரு வரி இல்லை. வீட்டில் மனைவியின் முறம், இலை, தூள், சுற்றி முடித்த கட்டுகள். மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டார். நொதி மறுபடி வேகமெடுத்தது. மாத்திரையை ஒரு வேளை விடாமல் போட்டும் ஐந்தாவது வாரம் குரல் கேட்கத் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்று சண்டைக்குப் போய், திரும்பி வந்தார்.

இரண்டாம் முறை புதிதாக வந்த மருத்துவர், மருந்து போதவில்லை என்று 400-க்கு ஏற்ற எழுதப் போனார். நியாயமான முடிவுதான், பீடியைத் தெரியாதவருக்கு. நான் பழைய தாளை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். “சார், இவர் இப்ப வெளிய பீடி குடிச்சிட்டு வந்திருக்கார். உள்ள வந்ததும் இதே 250 தானா ஏறும்.” அவர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு 250-ஐ அப்படியே விட்டார். சேர்ந்த அன்று எடுத்த ரத்தத்தில் அளவு 290. ஒன்பதாம் நாள் 520. ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டாமல் குரல்கள் அடங்கின. முதல் நாலு நாள் தவிப்புக்குச் சூயிங்கமும், இரவில் மட்டும் அமைதிக்கு ஒரு சின்ன லோரசிபாம் மாத்திரையும்.

அதனால் இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் கையெழுத்துக்கு மேலே மூன்று வரி சேர்க்கிறோம். “இந்த அளவு புகை இல்லாத கணக்கு. மீண்டும் புகைத்தால் அல்லது நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் வந்து சொல்லவும். மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.” தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பது மருந்துக்கடைக்காரர் மட்டும்தான். நாலு நாள் விடுப்பில் ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவருக்கும் இதே சீட்டு.

மறுபடி புகைக்க ஆரம்பித்தால் திட்டுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருப்பதுதான் வீட்டில் நடப்பது. “குடிச்சா குடிச்சேன்னு சொல்லுங்க, மாத்திரைய சரி பண்ணத்தான் கேக்கறோம்” என்று நோயாளியிடம் நேராகச் சொல்லுங்கள். புறநோயாளிப் பிரிவில் மூச்சு ஊதும் கார்பன் மோனாக்சைடு கருவி இருந்தால், எண் 10 பிபிஎம்மைத் தாண்டினால் அன்று புகைத்திருக்கிறார் என்று தெரியும். ஒரு நாள் விட்டு வந்தாலே எண் இறங்கிவிடும், ஹான்ஸைக் காட்டவே காட்டாது. போலீஸ் மாதிரி அதை நீட்டினால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

வீட்டிலிருந்து பேச இலவச எண் இரண்டு உண்டு. புகையிலை நிறுத்த 1800-11-2356, மனநல உதவிக்கு 14416. தமிழில் பேசலாம்.

குடியாத்தத்து அம்மாவிடம் பீடி சுற்றுவதை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரக்கூலி வருவதே அதில்தான். முறத்தையும் தூளையும் நாத்தனார் வீட்டுத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார், கட்டுகளை அன்றன்று மாலையே கடையில் கொடுத்துவிடுகிறார். முதல் மாதம் வாரம் ஒரு முறை போன் செய்தேன். நாலாவது வாரம், “ஒண்ணு ரெண்டு குடிக்கறாரு சிஸ்டர், மறைக்க மாட்டேன்” என்றார். தினமுமா என்று கேட்டேன். சந்தைக்குப் போகும் நாளில் மட்டும் என்றார். மருத்துவரிடம் சொன்னேன். 250-ஐ மாற்றவில்லை, அடுத்த மாத வெள்ளணுப் பரிசோதனைக்கு வரும்போது குளோசபின் அளவும் சேர்த்துப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார்.